ஒண்ணரை மா எங்க போச்சு: 112/3B புலப்படத்தை வரி வரியா படிப்போம்

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் எங்க அப்பா 1974ல வாங்குன நஞ்சை. பத்திரத்துல "112/3 நம்பர்ல தென்புறம் ஒண்ணரை மா, வாய்க்காலுக்கு வடக்கு"ன்னு இருக்கு. பட்டாவுல 112/3B, 0 - 18.00ன்னு போட்டிருக்கு. ஒண்ணரை மாவுக்கு 18 சென்ட் தானா? வடக்குப் பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிட்டாருன்னு அம்மா அழுறாங்க. தம்பி விஏஓ ஆபீஸ்ல காட்டுன எஃப்எம்பிய, அதான் புலப்படத்தை, செல்லுல போட்டோ எடுத்துட்டு வந்தான், அனுப்பியிருக்கேன். அதுல இருக்குற கோடும் நம்பரும் ஒண்ணுமே புரியல. ஒரு நம்பர் 63.3ஆ 68.3ஆன்னு கூட தெரியல. எங்க நிலம் எவ்வளவு, குறைஞ்சது எங்க போச்சு?

பதில்: முதல்ல அம்மாகிட்ட போய் சொல்லுங்க, அது 18 சென்ட் இல்ல. பட்டாவுல அந்த எண் ஹெக்டேர் - ஏர். கோட்டுக்கு முன்னாடி இருக்குற 0 ஹெக்டேர், பின்னாடி இருக்குற 18.00 ஏர். ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். அப்ப 18 ஏர்னா 1800 சதுர மீட்டர், நாப்பத்தி நாலரை சென்ட். நான் சர்வேயரா இருந்த வருஷங்கள்ல இந்த ஒரு எண்ணை சென்ட்டுன்னு படிச்சுட்டு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்னுபோன வீட்டையே பாத்திருக்கேன், அதனாலதான் இதை முதல்ல சொல்றேன்.

இப்ப ஒண்ணரை மாவை எடுத்துக்குவோம். உங்க ஊர் கணக்குல குழின்னா 12 அடிக் கோலால ஒரு கோல் நீளம் ஒரு கோல் அகலம், அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி, இருபது மா ஒரு வேலி. ஒண்ணரை மான்னா 150 குழி, 21,600 சதுர அடி, சென்ட்டுக்கு 435.6 சதுர அடி வச்சு வகுத்தா 49.6 சென்ட் வரும். ஊர்ல எல்லாரும் மூணு மா ஒரு ஏக்கர்னு சொல்றதால 50 சென்ட்டுன்னே வாயில வரும், அந்த அரை சென்ட்டுக்குக் கீழ இருக்குற வித்தியாசம் அப்படி வந்ததுதான், அதை விட்ருங்க. ஆனா ஒண்ணு கவனம், இந்த 144 சதுர அடி குழிய தஞ்சாவூர் திருவாரூர் பக்கத்தோட நிறுத்திக்கங்க. செங்கல்பட்டு பக்கம் 24 அடிக் கோல் குழி, 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. அதே "குழி"ங்கிற சொல், ஆனா நாலு மடங்கு. உங்க மச்சான் அந்தப் பக்கத்துக்காரர்னா அவர் போடுற கணக்கு உங்க பத்திரத்துக்கு ஒத்து வராது.

ஆக பத்திரம் சொல்றது 49.6 சென்ட், பட்டா சொல்றது 44.5 சென்ட். குறையுறது அஞ்சு சென்ட். உங்க கேள்வி நியாயமான கேள்விதான், ஆனா குறைஞ்சது நீங்க பயந்த அளவுக்கு இல்ல. அந்த அஞ்சு சென்ட் எங்க போச்சுங்கிறதுக்கான தடயம் நீங்க அனுப்புன போட்டோவுலயே இருக்கு, வாங்க பாக்கலாம்.

போட்டோவைத் திறந்ததும் ஒரு வேலை செய்யுங்க, வட திசை அம்புக்குறியத் தேடி அது மேல பாக்குற மாதிரி போட்டோவைத் திருப்பிக்கங்க. தம்பி மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்னு எடுத்திருக்கார் போல, நீங்க அனுப்புனது தலைகீழா இருந்துச்சு, அப்படியே படிச்சா வாய்க்கால் வடக்கே போயிரும். அடுத்து, ஸ்கேல் வச்சு ஸ்கிரீன்ல அளக்கவே வேணாம். செல்லை சாய்ச்சுப் பிடிச்சு எடுத்த போட்டோல கிட்ட இருக்குற பக்கம் பெருசாவும் தூர இருக்குற பக்கம் சின்னதாவும் விழும், அந்த மடிப்பு விழுந்த மூலை இன்னும் கோணலா இருக்கு. புலப்படத்துல எழுதியிருக்குற எண்ணை மட்டும்தான் நம்பணும், கோட்டோட நீளத்தை இல்ல.

வெளிய சுத்தி இருக்குற தடிச்ச கோடு 112ங்கிற முழு புலத்தோட எல்லை. அதுக்கு வெளிப்பக்கம் எழுதியிருக்குற 111, 113, 118 எல்லாம் அக்கம்பக்கத்து சர்வே நம்பர், தெற்கே 118னு நீளமா ஓடுறது வாய்க்கால். உள்ளுக்குள்ள மெல்லிசா போற கோடுங்க உட்பிரிவு எல்லை, நீங்க நிலத்துல பாக்குற வரப்பு பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவுல 3A, 3B, 3Cன்னு இருக்கு. முதல்ல 112/3ன்னு ஒண்ணா இருந்தது பிரிஞ்சு இப்படி எழுத்து சேர்ந்திருக்கு. வடக்கே 3A, அதுதான் நீங்க சந்தேகப்படுறவர் வயல். நடுவுல 3B உங்களுது. அதுக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி ஒரு குச்சி மாதிரி 3C. உங்க கடிதத்துல இந்த 3C பத்தி ஒரு வார்த்தையும் இல்ல, நீங்க அதை வரப்புன்னு நினைச்சு விட்டுட்டீங்கன்னு தோணுது.

உங்க கட்டத்துக்குள்ள குறுக்கால விட்டு விட்டுப் போற கோடு இருக்கே, வடமேற்கு மூலைல இருந்து தென்கிழக்கு மூலைக்கு, அது எல்லை இல்ல. வரப்பும் இல்ல. நிறைய பேர் அதைப் பாத்துட்டு நம்ம நிலத்தை ரெண்டா வெட்டிட்டாங்கன்னு பதறுறாங்க. அது அளக்குறதுக்காகப் போட்ட கோடு, நாங்க ஜி லைன்னு சொல்வோம், வயலை முக்கோணமா பிரிக்கத்தான் அது. அந்தக் கோட்டுமேல எழுதியிருக்குற எண்ணெல்லாம் ஆரம்பிச்ச கல்லுல இருந்து கூடிக்கிட்டே போற தூரம், துண்டு துண்டான நீளம் இல்ல. உங்க படத்துல 14.0, அப்புறம் அந்தக் குழப்பமான எண், கடைசியா 80.0. அதாவது வடமேற்குக் கல்லுல இருந்து 14 மீட்டர் போய் அங்க நின்னு நேர் செங்கோணமா தெற்கே திரும்பி 21.9 மீட்டர் போனா தென்மேற்கு மூலை. இன்னும் நடந்து அந்தக் குழப்பமான தூரத்துல நின்னு வடக்கே 22.8 மீட்டர் போனா வடகிழக்கு மூலை. மொத்தக் கோடும் 80 மீட்டர். கோட்டுக்குப் பக்கவாட்டுல போற இந்த 21.9, 22.8 ரெண்டும் ஆஃப்செட்.

இப்ப அந்த 63.3ஆ 68.3ஆங்கிறதை கண்ணால பாத்து முடிவு பண்ண வேணாம், படமே சொல்லிரும். வடக்கு எல்லைல 72.0ன்னு தெளிவா எழுதியிருக்கு. ஜி லைன்ல போன தூரம், ஆஃப்செட், வடக்கு எல்லை, மூணும் சேர்ந்தா ஒரு செங்கோண முக்கோணம். பள்ளிக்கூடத்துல படிச்ச பைதாகரஸ்தான். 63.3 வச்சுப் பாருங்க, 63.3 × 63.3 + 22.8 × 22.8 = 4526.73, அதோட வர்க்கமூலம் 67.3. எல்லைல 72 இருக்கே, ஒத்து வரல. 68.3 வச்சுப் போட்டா 5184.73, வர்க்கமூலம் 72.0. அச்சா உக்காருது. ஆக அது 68.3. மீதி மூலையையும் இப்படியே பாத்துட்டேன், மேற்கு எல்லை 26.0, தெற்கு 69.5, கிழக்கு 25.6, எல்லாம் சரியா வருது, போட்டோல படிச்ச வேற எண் எதுவும் தப்பில்ல. போட்டோல 3, 8, 6 மூணும் ஒரே மாதிரி தெரியும், தசமப் புள்ளி மறைஞ்சே போயிரும், அதனால ஒரு எண்ணை நம்பி கணக்குப் போடுறதுக்கு முன்னாடி இப்படி ஒரு தடவை சரிபாத்துடுங்க.

பரப்பு இப்ப ரொம்ப லேசு. ஜி லைன் நீளத்தை ரெண்டு ஆஃப்செட்டோட கூட்டுத்தொகையால பெருக்கி பாதியாக்கணும்.

```
80.0 × (22.8 + 21.9) / 2 = 1788 சதுர மீட்டர்
```

பட்டாவுல 1800 இருக்கு, 12 சதுர மீட்டர்தான் வித்தியாசம், ஏர் கணக்குல முழுசாக்கி எழுதுனதுல வந்தது அது. அதாவது புலப்படமும் பட்டாவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது, பட்டாவுல எழுத்துப்பிழை இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதை வச்சு ஊர்ல நிறைய சண்டை வருது. டேப்பைப் புடிச்சு நாலு பக்கத்தையும் அளந்து, எதிரெதிர் பக்கத்தைக் கூட்டி ரெண்டால வகுத்து, ரெண்டு சராசரியையும் பெருக்குவாங்க. உங்க வயலுக்கு அப்படிப் போட்டா 70.75 × 25.8 = 1825 வரும். உண்மையான அளவைவிட 37 சதுர மீட்டர் கூட, கிட்டத்தட்ட ஒரு சென்ட். மூலை நேர் செங்கோணமா இல்லாம சாஞ்சிருந்தா இந்தக் கணக்கு எப்பவுமே கூடத்தான் காட்டும், குறைச்சுக் காட்டவே காட்டாது. உங்க வயல் வடகிழக்கு மூலை உள்ளுக்குள்ள சாஞ்சு ஒரு இணைகரம் மாதிரி நிக்குது, அதான். அப்புறம் அந்த இல்லாத ஒரு சென்ட்டுக்காக பக்கத்து வயல்காரர்மேல சந்தேகம் வரும். குறுக்குக் கோட்டை அளக்காம நாலு பக்கத்தை மட்டும் வச்சு பரப்பு சொல்ற யாரையும் நம்பாதீங்க.

சரி, 3Cக்கு வருவோம். அதோட நீளம் உங்க தெற்கு எல்லையேதான், 69.5. ரெண்டு முனையிலயும் அகலம் 2.9ன்னு போட்டிருக்கு. பெருக்குனா 201.55 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2 ஏர், அஞ்சு சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. உங்களுக்குக் குறையுற அதே அஞ்சு சென்ட். 18 ஏரோட 2 ஏரைச் சேர்த்தா 2000 சதுர மீட்டர், அதாவது 21,528 சதுர அடி, 144ஆல வகுத்தா நூத்தி நாப்பத்தொம்பதரை குழி. உங்க பத்திரத்துல 150 குழி. கோல் வச்சு அளந்த காலத்துப் பத்திரத்துல அரைக் குழி வித்தியாசம்னா அது வித்தியாசமே இல்ல.

ஆக என் கணிப்பு இதுதான். வடக்குப் பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிருந்தா அது நிலத்துலதான் தெரியும், பட்டாவுல குறையாது. வரப்பு நகந்ததுனால பட்டாவுல ஏர் மாறிரப் போறதில்ல. பட்டாவுலயே குறைஞ்சிருக்குன்னா அது பதிவேட்டுல நடந்தது. 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் நடந்த யூடிஆர், அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச வேலைல, 112/3ஐ உட்பிரிவு பண்ணும்போது வாய்க்கால் ஓரத்துல வண்டி போற அந்த ஒம்பதரை அடி அகலத் துண்டை 3Cன்னு தனியா காட்டிருக்காங்க. உங்க அப்பா வாங்குனது 1974, அதுக்கு முந்தி. பத்திரத்துல "வாய்க்காலுக்கு வடக்கு"ன்னு இருக்கே தவிர "வண்டிப்பாதைக்கு வடக்கு"ன்னு இல்ல, அதாவது அவர் வாங்குனது வாய்க்கால் வரைக்கும். இன்னைக்குப் படத்துல உங்களுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல இன்னொரு நம்பர் நிக்குது.

இன்னொரு சின்ன தடயமும் இருக்கு. அந்தத் துண்டு ஆதியில இருந்தே வாய்க்கால் கரை, அரசாங்கப் புறம்போக்குன்னா அது 118க்குள்ளயே அடங்கியிருக்கணும். அப்படி இல்லாம 112/3ல இருந்து பிரிஞ்ச எழுத்தோட நிக்குதுன்னா, பிரிக்கிறதுக்கு முந்தி அது 112/3ஓட பகுதியா இருந்திருக்குன்னு அர்த்தம். இது முடிவான சாட்சி இல்ல, ஆனா எங்க தேடணும்னு காட்டுது.

முதல்ல நீங்க பாக்க வேண்டியது 3C யார் பேர்ல இருக்குங்கிறது. eservices.tn.gov.in போய் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் 112, உட்பிரிவு 3C கொடுத்து அ-பதிவேடு விவரத்தை எடுங்க. அங்கேயே புலப்படமும் கிடைக்கும், போட்டோவை விட அந்த பிரிண்ட்டை வச்சுக்கங்க, எண்ணெல்லாம் தெளிவா இருக்கும். பதிவேட்டுல மூணுல ஒண்ணு வரும், ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற.

உங்க அப்பா பேர்லயே 3C இருந்தா, சண்டையே இல்ல, ரெண்டாவது பட்டாவா எங்கயோ கிடக்குது, உங்க வாரிசுப் பேருக்கு மாத்த ரெண்டுக்கும் சேர்த்து மனு கொடுத்தா போதும். நான் இதையும் பாத்திருக்கேன், பட்டா நம்பர் வேறயா இருக்குறதால வீட்டுல யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

வேற தனியார் பேர்ல இருந்தா, வில்லங்கச் சான்று போட்டு அவர் கைக்கு அது எந்தப் பத்திரம் மூலமா வந்துச்சுன்னு பாருங்க. பத்திரமே இல்லாம பதிவேட்டுல மட்டும் பேர் ஏறியிருந்தா அது யூடிஆர் பிழை, திருத்தத்துக்கு மனு கொடுக்கலாம், அது கோட்டாட்சியர் இல்லன்னா மாவட்ட வருவாய் அலுவலர் மட்டத்துல விசாரிப்பாங்க. அவர்கிட்டயும் ஒரு பத்திரம் இருந்துச்சுன்னா அது உரிமை வழக்கு, வருவாய்த்துறை அதைத் தீர்க்காது, சிவில் கோர்ட்டுதான்.

புறம்போக்கு, பாதைன்னு இருந்தாத்தான் கொஞ்சம் பொறுமை வேணும். யூடிஆருக்கு முந்தின செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும் அந்தக் காலத்துப் புலப்பட நகலும் வாங்கணும், வட்ட ஆபீஸ்லயோ மாவட்ட பதிவறைலயோ மனு போட்டு கேக்கணும். பழைய படம் கைக்கு வந்தா அதுல இருக்குற எண்ணை மீட்டர்னு படிச்சுடாதீங்க. அது சங்கிலி அளவு, புள்ளி இல்லாம 345, 358ன்னு முழு எண்ணா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு லிங்க், ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். உங்க தெற்கு எல்லை 69.5 மீட்டர் அதுல 345ன்னு இருக்கும். பரப்பும் ஏக்கர் சென்ட்ல இருக்கும். பழைய பதிவேட்டுல 112/3ஓட மொத்தப் பரப்பு என்ன, இன்னைக்கு 3A, 3B, 3C மூணையும் கூட்டுனா என்ன, ரெண்டும் ஒண்ணா வந்துச்சுன்னா அந்தத் துண்டு தனியார் நிலத்துல இருந்துதான் பிரிஞ்சிருக்குங்கிறதுக்கு அதுவே கைல ஆதாரம். பழைய மொத்தம் அஞ்சு சென்ட் கம்மியா இருந்துச்சுன்னா அந்தக் கரை முன்னாடியும் 112/3ல இல்ல, பத்திரம் எழுதுனவர் வாய்க்கணக்கா ஒண்ணரை மான்னு எழுதிட்டார், அப்ப மனு போட்டு அலையாதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

பத்திரத்துல அளவு ஒண்ணு சொல்லி நாலெல்லை வேற ஒண்ணு சொன்னா, பொதுவா கோர்ட்டு எல்லைக்குத்தான் மதிப்பு கொடுக்கும், அளவுக்கு இல்ல. உங்க கேஸ்ல அளவும் எல்லையும் ரெண்டுமே வாய்க்கால் வரைக்கும்னு ஒரே பக்கம் சாயுது, அது உங்களுக்கு பலம். பட்டா மட்டும் வச்சுக்கிட்டு உரிமைன்னு சொல்ல முடியாது, அதனால 1974 பத்திரத்தோட மூலத்தை பத்திரமா வைங்க, லேமினேட் பண்ணிடாதீங்க.

வடக்கு வரப்பு விஷயமும் மனசுல உறுத்துதுன்னா அதையும் ஒரே நாள்ல தீர்த்துக்கலாம். அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சதும் வடமேற்குக் கல்லைத் தேடுங்க, வரப்புல புதைஞ்சிருக்கும், மம்முட்டியால பக்குவமா மண்ணை எடுத்தா தலை தெரியும். அங்கிருந்து தென்கிழக்குக் கல்லுக்கு டேப்பை இழுத்தா 80 மீட்டர் வரணும். வந்துச்சுன்னா ரெண்டு கல்லும் இடம் மாறல. அந்தக் கோட்டுல 68.3ல ஒரு குச்சி நட்டு, அங்கிருந்து செங்கோணமா வடக்கே 22.8 போங்க, அந்த இடத்துல வரப்போட மூலை இருக்கணும். டேப்பைத் தரைல படுக்க விடாம இறுக்கமா மட்டமா பிடிங்க, தொய்ஞ்சா தூரம் கூடக் காட்டும். ஒரு சாண் முன்ன பின்ன இருந்தா அது டேப்போட வேலை, அதுக்கு யாரையும் கேக்க வேணாம். ஒரு மீட்டருக்கு மேல உள்ள வந்திருந்தாத்தான் அரசு சர்வேயருக்கு அளக்கச் சொல்லி விண்ணப்பம் போடணும். பக்கத்து வயல்காரரையும் கூப்பிட்டு நிக்க வச்சே அளங்க, டேப்போட மறுமுனைய அவர் கைலயே கொடுங்க.

எல்லாத்துக்கும் முந்தி 3C அ-பதிவேடு பிரிண்ட்டை எடுத்து, அதுல பேர் எழுதுற இடத்துல என்ன இருக்குன்னு மட்டும் எழுதி அனுப்புங்க. மனுவுல என்ன எழுதணும்ங்கிறது அந்த ஒரு வரியைப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.